‘ஐயா, ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும்’

வேறு பள்ளிக்கு விண்ணப்பிக்கும் ஆசிரியர்கள் பழைய தலைமையாசிரியருக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் இரண்டே வரிதான். ‘ஐயா, வணக்கம். ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நன்றாக இருக்கும்.’ எந்தப் பள்ளி, எந்தப் பணி என்பது அதில் இருக்காது. எப்போது அவரிடம் வேலை பார்த்தார், என்ன செய்தார் என்பதும் இருக்காது. கேட்பவர் மேல் மட்டும் குறை சொல்ல முடியாது. ‘ஐயாவுக்குத் தெரியாததா?’ என்ற நம்பிக்கையும், தன் பெருமையைத் தானே சொல்வதில் உள்ள கூச்சமும் சேர்ந்துதான் செய்தியை இப்படிச் சுருக்கிவிடுகின்றன. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் போன ஒருவர் எந்தப் பிரிவுக்குப் பாடம் எடுத்தார் என்பது எந்தத் தலைமையாசிரியருக்கும் உடனே நினைவுக்கு வராது.

அனுபவச் சான்றிதழையும் பரிந்துரைக் கடிதத்தையும் ஒன்றாக நினைப்பதும் இதற்கு ஒரு காரணம். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன பாடம், நடத்தை நன்று என்று அலுவலகப் பதிவேட்டைப் பார்த்து எழுதுவது சான்றிதழ். அதை எழுத்தரே தட்டச்சு செய்துவிடலாம். பரிந்துரைக் கடிதம் ஒரு மனிதரின் மதிப்பீடு. இவரை எனக்கு எப்படித் தெரியும், இவர் என்ன செய்ததைப் பார்த்தேன், அதனால் இந்தப் பணிக்கு இவர் பொருந்துவார் என்று ஏன் நினைக்கிறேன் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். முதல் இரண்டும் இல்லாவிட்டால் மூன்றாவது வெறும் புகழ்ச்சியாகிவிடும்.

விவரம் இல்லாத இடத்தைப் பழகிய சொற்கள் வந்து நிரப்பிக்கொள்கின்றன. ‘கடின உழைப்பாளி, பொறுமைசாலி, மாணவர்களிடம் அன்பானவர்’ என்று எழுதினால் அது எந்த ஆசிரியருக்கும் பொருந்தும். இதில் சிலருக்கு மற்றவர்களைவிட இழப்பு அதிகம். பிரான்சஸ் டிரிக்ஸ், கரோலின் சென்கா என்ற இரண்டு ஆய்வாளர்கள், அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் கட்டுரை வெளியிட்டார்கள். எழுதியவருக்கும் விண்ணப்பித்தவருக்கும் உள்ள தொடர்பு, குறிப்பான செய்தி, மதிப்பீடு போன்ற அடிப்படை அம்சங்கள் இல்லாத கடிதங்களை அவர்கள் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆண்களுக்காக எழுதப்பட்டவற்றில் அத்தகையவை 6 சதவீதம். பெண்களுக்காக எழுதப்பட்டவற்றில் 15 சதவீதம். அந்த எண்கள் அந்தக் கல்லூரிக்கு உரியவை. ஆனால் ஆசிரியை என்றதும் பொறுமையும் அன்பும்தான் முதலில் பேனாவில் வருகின்றன என்பதை இங்குள்ள கடிதங்களிலும் பார்க்கலாம். அவர் கணிதத்தை எப்படி நடத்துவார் என்பது கடைசிவரை வராது.

ஆகவே அந்த இரண்டு வரிச் செய்திக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை, எழுதுவதல்ல, திருப்பிக் கேட்பது. எந்தப் பள்ளி, எந்த வகுப்புகளுக்கான பணி? என்னிடம் எந்த ஆண்டுகளில், எந்தப் பிரிவுகளுக்குப் பாடம் எடுத்தீர்கள்? நான் நேரில் பார்த்த உங்கள் வேலைகளில் எவற்றைச் சொல்லலாம்? கடிதம் யார் பெயருக்கு, எப்படிப் போக வேண்டும்? இவற்றில் மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் கடிதத்தின் உயிர்.

ஓர் எடுத்துக்காட்டு. 2018 ஜூன் முதல் 2022 மே வரை தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் கணிதம் நடத்திய ஆசிரியை ஒருவர் இப்படிப் பதில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘பத்தாம் வகுப்பில் நான்கு ஆண்டும் நூறு சதவீதத் தேர்ச்சி. பின்தங்கிய மாணவர்களுக்குக் காலையில் தனி வகுப்பு எடுத்தேன்.’ முதல் வாக்கியத்தை அப்படியே கடிதத்தில் ஏற்றினால் சிக்கல். 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி, எல்லோருக்கும் தேர்ச்சி அறிவிக்கப்பட்டது. ஆசிரியை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளின் நூறு சதவீதம் யாருடைய திறமைக்கும் சான்றாகாது. மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்து, ‘தேர்வு நடந்த 2019, 2022 ஆண்டுகளில் அவர் பிரிவில் அனைவரும் கணிதத்தில் தேர்ச்சி பெற்றனர்’ என்று எழுதினால் எண்ணிக்கை பாதியாகும், கடிதத்தின் நம்பகம் கூடும்.

இரண்டாவது வாக்கியம் இதைவிட மதிப்புள்ளது, ஆனால் இன்னும் மொட்டையாக இருக்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் மீதியைக் கேட்டுவிடலாம். எத்தனை பேர், எத்தனை மாதம், அந்த வகுப்பில் வேறு என்ன நடந்தது? ‘தப்பாப் போட்ட கணக்கைப் பையனையே கரும்பலகையில எழுதி விளக்கச் சொல்லுவேன் ஐயா. எந்த வரியில தடுமாறுறான்னு அவனுக்கே தெரிஞ்சிடும்’ என்கிறார் அவர். தலைமையாசிரியருக்கு இப்போது நினைவு வருகிறது. வகுப்பைப் பார்வையிடப் போன நாளில், ஒரு மாணவன் எதிர்க்குறியை விட்டுவிட்டுப் பலகை முன் நின்று தானே கண்டுபிடித்ததை அவர் பார்த்திருக்கிறார். ‘பொறுமைசாலி’ என்ற சொல்லே இனி தேவையில்லை. அந்த நிகழ்ச்சி மூன்று வரியில் அதைச் சொல்லிவிடும். தான் பார்த்ததை ‘பார்த்தேன்’ என்றும், அவர் சொல்லித் தெரிந்ததை ‘அவர் தெரிவித்தபடி’ என்றும் பிரித்து எழுதுவது முறை.

கேட்டும் பதில் வராவிட்டால், அல்லது அவரை உண்மையிலேயே அவ்வளவாகத் தெரியாவிட்டால், இரண்டு வழி உண்டு. பதிவேட்டில் உள்ளதை மட்டும் எழுதி, அதற்கு அனுபவச் சான்றிதழ் என்றே தலைப்பிடலாம். அல்லது, வகுப்பை அருகில் இருந்து பார்த்த உதவித் தலைமையாசிரியரிடமோ மூத்த கணித ஆசிரியரிடமோ கேட்கச் சொல்லி மறுத்துவிடலாம். நம் ஊரில் நடப்பதோ மூன்றாவது வழி: ‘நீங்களே எழுதிக்கொண்டு வாங்க, கையெழுத்துப் போடுறேன்.’ கேட்பவருக்கு இது உதவிபோலத் தெரியும். ஆனால் மூவரிடம் இப்படி வாங்கினால் மூன்று கடிதத்திலும் ஒரே நடை, ஒரே சொல். பத்துக் கடிதம் படித்துப் பழகிய தேர்வுக் குழு முதல் பத்தியிலேயே அதைக் கண்டுபிடித்துவிடும்.

வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் பள்ளிகளுக்கான குழந்தைப் பாதுகாப்பு வழிகாட்டுதல், ‘சம்பந்தப்பட்டவருக்கு’ என்று பொதுவாக முகவரியிட்ட கடிதங்களை ஏற்க வேண்டாம் என்கிறது. கடிதத்தை விண்ணப்பதாரர் வழியாக வாங்குவதை நம்பியிருக்காமல் பள்ளியே நேரடியாகக் கேட்டுப் பெற வேண்டும். அதில் உள்ளதை விண்ணப்பத்தோடு ஒப்பிட வேண்டும். எனவே அங்கு விண்ணப்பிப்பவர் கையில் ஒரு கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்வதால் பெரிய பயனில்லை. தலைமையாசிரியரின் பெயரையும் பள்ளி மின்னஞ்சலையும் விண்ணப்பத்தில் தந்து, இன்ன பள்ளியிலிருந்து கேட்பார்கள் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் பயன் தரும்.

சில பள்ளிகள் தொலைபேசியிலும் விசாரிக்கும். எந்த ஆண்டு, எந்த வகுப்பு, ஏன் விலகினார், இடம் இருந்தால் மறுபடி எடுத்துக்கொள்வீர்களா என்பவை வழக்கமான கேள்விகள். கையெழுத்து மட்டும் போட்டவர் இங்கேதான் திணறுவார். அனுப்பிய கடிதத்தின் நகலையும் ஆசிரியை எழுதி அனுப்பிய குறிப்பையும் ஒரே கோப்பில் வைத்திருக்கும் தலைமையாசிரியர், அதைப் பிரித்து வைத்துக்கொண்டு பதில் சொல்லலாம்.