வழியாத அளவு, மூழ்காத ஒலி

பாட்டு நன்றாகத்தான் ஒலித்துக்கொண்டிருக்கும். உரத்த இடம் வந்ததும் 'படக்'கென்று ஒரு வெடிப்பு. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைப்போம். பல நேரம் கோளாறு ஒரு கூட்டலில் இருக்கும்.

16 பிட் சிப், மாதிரிகளை −32768 முதல் 32767 வரையுள்ள முழு எண்களாகவே வைத்துக்கொள்ளும். எஃப்.ஐ.ஆர். ஃபில்டர், கடைசியாக வந்த சில மாதிரிகளை ஆளுக்கொரு கெழுவால் பெருக்கிக் கூட்டும். −0.1, 0.3, 0.6, 0.3, −0.1 என்ற ஐந்து கெழுக்களை எடுத்துக்கொள்வோம். கூட்டினால் சரியாக 1. ஆபத்தில்லை என்றே தோன்றும்.

30000 உயரமுள்ள சைன் அலையைக் கொடுத்துச் சோதித்தாலும் அப்படித்தான் தோன்றும். எந்த அதிர்வெண்ணிலும் வெளியீடு 30750-ஐத் தாண்டாது. ஆனால் −30000, 30000, 30000, 30000, −30000 என்று மாதிரிகள் வரிசையாக வந்தால், குறிகள் கெழுக்களோடு பொருந்தி எல்லாப் பெருக்கலும் ஒரே பக்கம் சேரும், விடை 42000. அது 16 பிட்டில் அடங்காது. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்குப் பின் பூஜ்ஜியத்துக்குத் திரும்புவதுபோல எண் சுற்றிக்கொண்டு −23536 ஆகிவிடும். உச்சியில் இருக்கவேண்டிய அலை பள்ளத்தில் விழுகிறது. அதுதான் அந்த வெடிப்பு.

எனவே குறிகளை விட்டுவிட்டுக் கெழுக்களைக் கூட்ட வேண்டும். இங்கே 1.4 வருகிறது. எல்லாக் கெழுக்களையும் 1.4-ஆல் வகுத்துவிட்டால், எப்படிப்பட்ட ஒலி வந்தாலும் விடை உள்ளீட்டின் உச்சத்தைத் தாண்டாது.

இதற்கு ஒரு விலை உண்டு: ஒலி ஏறக்குறைய 3 டெசிபல் தணிகிறது. பயந்து இன்னும் குறைத்துக்கொண்டே போகக் கூடாது. அடியில் இரைச்சல் காத்திருக்கிறது.

இரண்டு 16 பிட் எண்களைப் பெருக்கினால் 32 பிட் விடை வரும். அதை 16 பிட்டுக்குச் சுருக்கும்போது அரைப் படி வரை பிழை சேரும். இந்தப் பிழையின் வர்க்கச் சராசரி, படியின் வர்க்கத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது சராசரியாக 0.29 படி. ஐந்து பெருக்கல்களையும் தனித்தனியே சுருக்கினால் ஐந்து பிழைகளின் வர்க்கங்களும் கூடி 0.65 படியாகும்; இரைச்சல் 7 டெசிபல் ஏறிவிடும். 40 பிட் அக்யுமுலேட்டரில் முழுமையாகக் கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒருமுறை சுருக்கினால் 0.29-தான். 100 கெழுக்கள் இருந்தாலும் அதே 0.29. எஃப்.ஐ.ஆரில் வெளியீடு உள்ளே திரும்பி வருவதில்லை. பிழை சுற்றிச் சுற்றி வளராது.

இந்தக் கணக்கைச் சரிபார்க்கவும் வழி உண்டு. சிப்பில் உள்ள அதே கெழுக்களை வைத்துக் கணினியில் தசமத் துல்லியத்தோடு ஃபில்டரை ஓட்டி, சிப் தந்த விடையை அதிலிருந்து கழியுங்கள். மிச்சம் 0.29 படி என்றால் எல்லாம் சரி. 0.65 என்றால் இடையிலேயே சுருக்குகிறீர்கள். எங்கோ ஓரிடத்தில் 65536 நின்றால், அங்கே வழிந்திருக்கிறது.