உப்பிய வயிறு, சிவந்த உள்ளங்கை: கல்லீரல் வெளியே காட்டும் அடையாளங்கள்

கல்லீரல் பெரும்பாலும் வலியில்லாமல் கெடும் உறுப்பு. வருடக்கணக்கில் தழும்பேறி, சுருங்கி, கரடுமுரடாகிக் கொண்டிருக்கும்போதே அந்த மனிதர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். உள்ளே நடப்பது வெளியே தெரியும் இடங்கள் தோலும் உள்ளங்கையும் வயிறும்தான். இவை மூன்றிலும் மாற்றம் சேர்ந்து தெரிந்தால், கல்லீரல் சுருக்கம் ஈடுகட்டும் கட்டத்தைத் தாண்டியிருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகிப்பார்.

சிலந்தி நரம்பு என்பது கழுத்து, மார்பின் மேற்பகுதி, தோள், முதுகு, முகம், கை ஆகிய இடங்களில் வரும் சிறு சிவப்புப் புள்ளி. அதிலிருந்து மெல்லிய இழைகள் நாலாபுறமும் பரவியிருக்கும். இடுப்புக்குக் கீழே அநேகமாக வராது. தொடையிலும் காலிலும் நீலமாக ஓடும் மெல்லிய நரம்புகள் வேறு வகை. அவற்றுக்கும் கல்லீரலுக்கும் தொடர்பில்லை. உறுதிசெய்ய எளிய வழி உண்டு. தீக்குச்சியின் மழுங்கிய முனையால் நடுப்புள்ளியை அழுத்தினால் இழைகள் மறையும். எடுத்ததும் நடுவிலிருந்து வெளிப்புறமாக மறுபடி சிவக்கும். கறுத்த தோலில் இது எளிதில் கண்ணில் படாது. பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் வருவதுண்டு. ஐந்துக்கு மேல் இருந்தால் கல்லீரலைப் பார்த்தே ஆக வேண்டும்.

உள்ளங்கையில் கட்டைவிரலின் அடிமேடும் சுண்டுவிரலின் அடிமேடும் சிவந்து, நடுப்பகுதி மட்டும் வெளிறியிருக்கும். கெட்டுப்போன கல்லீரலால் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சரியாக அகற்ற முடியாமல் போவது இந்த இரண்டு அடையாளங்களுக்கும் ஒரு முக்கியக் காரணம். முடக்குவாதம், தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவற்றிலும் உள்ளங்கை சிவக்கும் என்பதால் கையை மட்டும் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

வயிற்றின் கதை வேறு. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரையில், தழும்பேறிய கல்லீரல் அடைப்புப் போல நிற்பதால் அழுத்தம் ஏறுகிறது. கூடவே சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதமும் குறைகிறது. மிஞ்சும் நீர் வயிற்றுக்குள் கசிந்து தேங்குகிறது. பழைய வைத்தியத்தில் மகோதரம் என்றது இதைத்தான். வழி கிடைக்காத ரத்தம் தொப்புளைச் சுற்றியுள்ள நரம்புகளைப் புடைக்கவைக்கும். அதே அழுத்தம் உணவுக்குழாயிலும் நரம்புகளைப் புடைக்கவைத்திருக்கும். அவை வெடித்தால் ரத்த வாந்தி வரும்.

தொப்பைக்கும் நீருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எடை உதவும். 52 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று வாரத்தில் 66 கிலோவிலிருந்து 72 கிலோ ஆகிறார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஆனால் தோளும் கையும் மெலிந்துவிட்டன. அந்த ஆறு கிலோவில் பெரும்பகுதி நீர். ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி 38 என்று வருகிறது. “எல்லாம் நார்மல்தான்” என்று வீட்டார் நிம்மதியாகிறார்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எஸ்ஜிபிடி என்பது கல்லீரல் செல்கள் இப்போது எவ்வளவு உடைகின்றன என்பதைக் காட்டும் எண். உடைவதற்குச் செல்களே குறைந்துபோன ஈரலில் அது சாதாரணமாகவே இருக்கலாம். பார்க்க வேண்டியவை ஆல்புமின், பிலிருபின், ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐஎன்ஆர், பிளேட்லெட் எண்ணிக்கை. இவருக்கு ஆல்புமின் 2.4, பிலிருபின் 2.8, பிளேட்லெட் 78,000. ஸ்கேனில் கல்லீரலின் மேற்பரப்பு மேடுபள்ளமாகவும் மண்ணீரல் வீங்கியும் இருக்கின்றன.

அடுத்து செய்ய வேண்டியது வயிற்று நீரில் கொஞ்சம் ஊசியால் எடுத்துப் பரிசோதிப்பது. “ஒருமுறை எடுத்தால் ஊறிக்கொண்டே இருக்கும்” என்று பயந்து பலர் மறுக்கிறார்கள். நீர் மறுபடி ஊறுவது நோயால்தான், ஊசியால் அல்ல. ரத்த ஆல்புமினிலிருந்து நீரின் ஆல்புமினைக் கழித்தால் வரும் எண் 1.1 அல்லது அதற்கு மேல் இருந்தால், நீருக்குக் காரணம் அந்தச் சிரை அழுத்தம். இவருக்கு நீரில் 0.8, வித்தியாசம் 1.6. குறைவாக வந்திருந்தால் வயிற்றுக் காசநோயையும் புற்றுநோயையும் தேட வேண்டியிருக்கும். நீரில் நியூட்ரோபில் அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டரில் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் கிருமித்தொற்று. உடனே ஊசி மருந்து தொடங்க வேண்டும். காய்ச்சல் இல்லாமலும் இந்தத் தொற்று வரும் என்பதால்தான் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சிகிச்சையின் அடிப்படை உப்பைக் குறைப்பது. ஒரு நாள் முழுவதற்கும் சுமார் 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். இந்துப்பும் உப்புதான், அதற்கு விலக்கு கிடையாது. ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருக்கும். நீர் இறங்கத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையோடு சேர்ந்தால் அது இதயத்துக்கு ஆபத்து. கால் வீக்கம் இல்லாதவர் தினம் அரை கிலோவுக்கு மேல் எடை குறைந்தால் மருந்து அளவு அதிகம் என்று பொருள். மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உப்பைக் குறைக்கச் சொன்னால் சாப்பாட்டையே குறைத்துவிடுவது வீடுகளில் வழக்கம். முட்டை, பருப்பு, மீன் கூடாது என்று நிறுத்துவது தவறு. தசை கரைந்தால் நிலைமை மோசமாகும். படுக்கும் முன் சிறிது உணவும் வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையே முடக்கிவிடலாம். பெயர் தெரியாத லேகியங்களும் அப்படியே.

குடி காரணமாக இருந்தால் நிறுத்துவதே முதல் மருந்து. முழுமையாக நிறுத்திய சிலருக்கு நீர் ஊறுவதே நின்றிருக்கிறது. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம். மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். குடிக்காதவருக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களாலோ, சர்க்கரை நோயோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரலாலோ இதே நிலை வரும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவ்விரு வைரஸ்களுக்குமான பரிசோதனையும் மருந்தும் இலவசம். குறித்த அரசு மருத்துவமனைகளில் கேட்டுப் பெறலாம்.

ரத்த வாந்தி, தார் போல் கறுத்த மலம், குழப்பமான பேச்சு, பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, வயிற்று வலியோடு காய்ச்சல், சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயிற்றில் நீர் கோத்த நாளிலிருந்தே மாற்றுக் கல்லீரல் பற்றிய பேச்சும் தொடங்க வேண்டும். நிலைமை கைமீறிய பின் அனுப்பினால் அறுவை சிகிச்சையை உடல் தாங்காது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் முதலிய நெருங்கிய உறவினர் கல்லீரலின் ஒரு பகுதியைத் தரலாம். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். மற்றவர் தருவதற்கு அனுமதிக் குழுவின் ஒப்புதல் தேவை. பணம் கைமாறினால் இருதரப்புக்கும் தண்டனை. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்கு, சிகிச்சை பெறும் மருத்துவமனை வழியாக மாநில உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்யப்படுகிறது. வேறு மருத்துவமனைக்குப் போகும்போது பழைய ஸ்கேன், நீர்ப் பரிசோதனை முடிவுகள் தேவைப்படும். நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதி.