ஆடிக்கும் ஆஷாடத்துக்கும் நடுவே ஒரு தரகரின் கணக்கு

பெங்களூரில் வீடு, மனை விற்பனைத் தரகில் ஈடுபட்டுள்ள வாடிக்கையாளர்களின் கணக்கேடுகளை ஆண்டுதோறும் பார்த்து வரும் நமக்கு ஒன்று பழகிப்போயிற்று. ஜூலை மாதப் பக்கத்தில் வரவு ஏறத்தாழ இராது. கன்னடக் குடும்பங்கள் ஆஷாட மாதத்தில் வீடு வாங்குவதில்லை. தமிழ்க் குடும்பங்கள் ஆடியில் வாங்குவதில்லை. இரண்டும் ஒன்றே என்று வெளியூரார் எண்ணக்கூடும். பெரும்பாலான ஆண்டுகளில் ஆஷாடம் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை இறுதியில் முடியும். ஆடியோ ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்டு நடுவரை நீளும். அல்சூரிலோ மர்பி டவுனிலோ இரு தரப்பாருக்கும் பணியாற்றும் தரகருக்கு, ஆக, இரண்டு மாதங்கள் அடைபட்டுவிடுகின்றன. பின்னர் மகாளய பட்சத்தின் பதினைந்து நாட்கள். அதற்கும் பின்னர் மார்கழி. ஆண்டின் நாலில் ஒரு பங்குக்கு மேல் இப்படிக் கழிகிறது.

பஞ்சாங்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், உழைத்த மாதத்துக்கும் பணம் வரும் மாதத்துக்கும் உள்ள தொலைவு. அட்சய திருதியையன்று ஒரு புதிய அடுக்ககத்தில் வீட்டை முன்பதிவு செய்வித்தால் தரகு உடனே கிடைத்துவிடாது. விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் பெறுவதற்கு முன் விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவு முடிந்து, வாங்குபவரின் வீட்டுக்கடன் ஒப்புதலாகி, முதல் தவணை கட்டுமான நிறுவனத்தைச் சென்றடைந்த பிறகே பெரும்பாலான நிறுவனங்கள் தரகரின் விலைப்பட்டியலை ஏற்கின்றன. அதன்பின் ஒன்றிரண்டு மாதம் காத்திருப்பு. சித்திரையில் செய்த வேலைக்கு ஆவணியில் பணம். மறுவிற்பனையில் நிலைமை சற்று மேல்; பத்திரப் பதிவு நாளன்றே தரகு கைக்கு வருவது வழக்கம். ஆனால் அந்த நாள் எப்போது என்பது தரகரின் கையில் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கிளைக்கு வீட்டுக்கடன் கேட்டு வந்த ஒருவரின் கணக்கை இங்கே தருகிறோம். அடையாளம் தெரியாதிருக்க எண்களை முழுமையாக்கியிருக்கிறோம். ஏப்ரல் முதல் மார்ச் வரை அவர் ஈட்டிய தரகு 13,20,000 ரூபாய். மே மாதம் 1,80,000, ஆகஸ்டில் 90,000, செப்டம்பரில் 3,60,000, நவம்பரில் 4,20,000, பிப்ரவரியில் 1,20,000, மார்ச்சில் 1,50,000. மற்ற ஆறு மாதங்களில் ஒரு ரூபாயும் இல்லை. பெட்ரோல், தொலைபேசி, விளம்பரம், உடன் உழைத்த தரகர்களின் பங்கு என மாதம் 30,000. குடும்பச் செலவு 45,000. ஆக மாதம் 75,000, ஆண்டுக்கு 9,00,000. ஆண்டுக் கணக்கில் 4,20,000 மிச்சம். யார் பார்த்தாலும் நல்ல வருமானம் என்பார்கள்.

அதையே மாதவாரியாகப் பாருங்கள். கையில் ஏதுமின்றி ஏப்ரலைத் தொடங்கினால் அம்மாத முடிவில் 75,000 பற்றாக்குறை. மே மாத வரவால் 30,000 கையிருப்பு. ஜூனில் மீண்டும் 45,000 பற்றாக்குறை. ஜூலையில் அது 1,20,000. ஆகஸ்டில் சிறிது வரவு வந்தும் குழி 1,05,000 ஆழத்தில் நிற்கிறது. செப்டம்பரில்தான் தலை தூக்குகிறார். நான்கு இலட்சத்துக்கு மேல் மிச்சம் காணும் ஆண்டிலேயே ஒரு மனிதர் ஆடி மாதத்தில் நகையை அடகு வைக்கும் காரணம் இதுதான். இவருக்குத் தேவையானது கூடுதல் வருமானம் அன்று. ஏப்ரல் முதல் தேதியன்று கணக்கில் குறைந்தது 1,20,000 ரூபாய் இருப்பு. ஒரு தரகு ஒரு மாதம் தாமதமாகலாம் என்பதால் நான்கு மாதச் செலவான 3,00,000 ரூபாயை வைத்துக்கொள்ளுமாறு நாம் கூறுவோம். அவருடைய முதல் ஆண்டு மிச்சத்திலேயே அது கிடைத்துவிடும்.

அந்த மிச்சத்துக்கு ஒரு பகை உண்டு, அது நவம்பர். நான்கு இலட்சம் ஒரே நாளில் கணக்கில் விழும்போது கார் வாங்கும் எண்ணம் எழுவது இயல்பு. வாடிக்கையாளர்களை மனை பார்க்க அழைத்துச் செல்ல வேண்டியவருக்கு அது வீண் ஆசையும் அன்று. ஆயினும் கணக்கு என்ன சொல்கிறது? முன்பணமாக 2,00,000 செலுத்தி, டிசம்பர் முதல் மாதம் 18,000 தவணை என்றால் மார்ச் முடிவில் எஞ்சுவது 4,20,000 அன்று, 1,48,000. அடுத்த ஆண்டும் அதே போல வரவு வந்தாலும் ஜூலையில் 44,000 பற்றாக்குறை. தவணை தவறுகிறது, கடன் மதிப்பெண் சரிகிறது. ஆண்டு வருமானம் போதுமானதாக இருந்தும் இப்படித் தவறுகிறவர்களை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். காரை ஓராண்டு தள்ளி வாங்கியிருந்தால் இச்சிக்கலே எழாது.

இதற்கு நாம் பரிந்துரைப்பது எளிய ஏற்பாடு. தரகு அனைத்தும் ஒரு நடப்புக் கணக்கில் மட்டும் வரட்டும். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அதிலிருந்து குடும்பச் சேமிப்புக் கணக்குக்கு 45,000 தானாக மாறும்படி நிலையாணை கொடுத்துவிடலாம். வரவு வந்த மாதமானாலும் வராத மாதமானாலும் அத்தொகை மாறக் கூடாது. தரகர் தமக்குத் தாமே சம்பளம் கொடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன வாடிக்கையாளருக்கு நாம் முதன்முறை கடன் மறுக்க நேர்ந்தது. காரணம் பற்றாக்குறை அன்று. அவர் தரகில் பாதிக்கு மேல் ரொக்கமாக வாங்கியிருந்தார். வருமான வரிக் கணக்கில் காட்டியது ஆண்டுக்கு 4,00,000 மட்டுமே. வங்கி கணக்கிடுவது தாக்கல் செய்த நிகர வருமானத்தைத்தான், இரண்டு மூன்று ஆண்டுகளின் சராசரியாக. மாத வருமானத்தில் பாதியைத் தவணைக்கு ஒதுக்கலாம் எனக் கொண்டால், அவருக்கு ஏறத்தாழ 16,600 ரூபாய்த் தவணை. 8.5 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுகள் என்றால் ஓர் இலட்சத்துக்கு மாதத் தவணை 868 ரூபாய். கடன் 19 இலட்சம். செலவு போக அவர் உண்மையில் ஈட்டிய 9,60,000 ரூபாயைக் காட்டியிருந்தால் 46 இலட்சம் வரை பரிசீலித்திருக்கலாம். வரியை மிச்சப்படுத்தியதாக அவர் எண்ணியிருந்தார். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 இலட்சம் வரையிலான இத்தகைய வருமானத்துக்கு வரியே இல்லை. அதே வருமானத்தை இன்று மறைப்பவர் எதையும் மிச்சப்படுத்துவதில்லை. மாறாக, நிறுவனங்கள் தரகில் பிடிக்கும் 2 விழுக்காடு மூல வரி, அதாவது இவர் கணக்கில் 26,400 ரூபாய் வரை, கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை வருமானமாகக் காட்டிக் கணக்கேடு இல்லாமல் தாக்கல் செய்யும் உத்தேச முறை, தரகு வருமானத்துக்குப் பொருந்தாது. சட்டமே தரகை விலக்கி வைத்திருக்கிறது. ஆகையால் பெட்ரோல் ரசீது முதல் உடன் தரகருக்குக் கொடுத்த பங்கு வரை எழுதி வைக்க வேண்டும். ஆண்டுத் தரகு 20 இலட்சத்தைக் கடந்தால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவும் கட்டாயம். அப்போது விலைப்பட்டியலில் சேரும் 18 விழுக்காடு அரசின் பணம். அது கணக்கில் விழுந்ததும் தம்முடையதாக எண்ணிச் செலவிட்டுவிட்டுத் திண்டாடுவோர் பலர்.

அடுத்தது ரெரா பதிவு. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற திட்டங்களில் வீடு, மனை விற்க உதவும் தரகர் தாமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். கர்நாடக விதிகள் 2017இல் வெளிவந்தன. தனிநபருக்கான கட்டணம் 25,000 ரூபாய்; பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். மாதத்துக்கு 417 ரூபாய் என்று கொள்ளலாம். பதிவின்றித் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், விற்க உதவிய வீட்டின் விலையில் 5 விழுக்காடு வரை, தண்டம் ஏறலாம். விண்ணப்பத்துடன் மூன்றாண்டு வரிக் கணக்கும் கேட்கப்படுகிறது. ரொக்கத்தில் தொழில் செய்தவருக்கு இந்த வாசலும் எளிதில் திறவாது. பதிவு பெறாத திட்டத்தை விற்க உதவக் கூடாது என்பதும் தரகரின் கடமை. ஆகவே நிறுவனம் நீட்டும் விளம்பரத்தாளை நம்பாமல், கர்நாடக ரெரா தளத்தில் திட்டத்தின் எண்ணைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய வீட்டின் மறுவிற்பனையும் வாடகையும் இப்பதிவுக்குள் பொதுவாக வருவதில்லை. எனவே அவ்வகை வேலையில் தரகரை மதிப்பிட வாங்குபவரிடம் சான்று ஏதுமில்லை. அவர் கொண்டுவரும் காகிதங்களைத்தான் பார்க்க முடியும். வங்கி மேசையிலிருந்து இது நன்றாகவே தெரிகிறது. சில தரகர்கள் அனுப்பும் கோப்பு நம் வழக்கறிஞரின் சட்டக் கருத்துரையில் முதல் முறையே தேறிவிடும். காவேரி தளத்தில் எடுத்த வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், இ-காத்தா, நில மாற்ற ஆணை, கட்டட வரைபடம் யாவும் முன்பணம் கைமாறும் முன்பே சேர்ந்திருக்கும். வேறு சிலரின் கோப்பு மூன்று முறை திரும்பும். இ-காத்தா இன்றிப் பத்திரப் பதிவு நடவாத நிலை 2024 அக்டோபரில் வந்த பிறகு இந்த வேறுபாடு கூர்மையாகிவிட்டது. கோப்பு திரும்பும் ஒவ்வொரு முறையும் தரகு ஒரு மாதம் தள்ளிப்போகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், மேலே கணக்கிட்ட அந்தக் குழியின் ஆழத்தில் ஒரு பங்கு தரகர் தாமே தோண்டியது என்பது புலப்படும்.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு சொல். வாங்குபவர் தரும் தொகை நேரே விற்பவரின் கணக்குக்குச் செல்லட்டும். தரகரின் கை வழியாகப் போக வேண்டா. அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகைக்கு ஈடான தண்டம் விற்பவர் மேல் விழக்கூடும். நல்லெண்ணத்துடன் ஓர் இலட்சத்தைப் பையில் எடுத்துச் சென்று கொடுத்த தரகர், தம் வாடிக்கையாளரையே அச்சிக்கலில் மாட்டிவிட்டிருக்கிறார்.

நம் வாடிக்கையாளர் அதன்பின் ரொக்கத்தை நிறுத்தினார். முதல் ஆண்டு சில விற்பவர்கள் வேறு தரகரிடம் போய்விட்டதாக வருத்தத்துடன் சொன்னார். பி-காத்தா வீடொன்றை வாங்க வந்தவரிடம், "இதற்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது, முன்பணம் கொடுக்காதீர்கள்" என்று கூறி ஒரு தரகையும் இழந்தார். மூன்றாண்டு வரிக் கணக்குடன் அவர் மீண்டும் வந்தபோது, விண்ணப்பத்தில் நாம் கேட்ட ஒரே கூடுதல் காகிதம் அவருடைய ரெரா பதிவுச் சான்றின் நகல். இப்போது அவர் தவணை ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி கழிகிறது, ஆடியிலும் கழிகிறது. கார் இன்னும் வாங்கவில்லை.