மீன் எண்ணெய் மாத்திரை: டப்பாவின் பின்பக்கம்

மருந்துக்கடையில் தங்க நிறத்தில் மின்னும் மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவில் '1000 மில்லிகிராம்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால், பல டப்பாக்களில் ஒமேகா-3 சுமார் 300 மில்லிகிராம்தான். மிச்சமெல்லாம் வேறு கொழுப்பு.

கூடுதலாகக் கொடுத்தால்? அமெரிக்காவின் 'வைட்டல்' ஆய்வில் 25,871 பேரில் பாதிப்பேர் தினமும் 840 மில்லிகிராம் ஒமேகா-3 சாப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 2018இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அதே ஆண்டு வந்த 'ரெட்யூஸ்-இட்' ஆய்வு வேறு கதை சொன்னது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கூடியிருந்த, ஏற்கெனவே ஸ்டேட்டின் சாப்பிட்டுவந்த நோயாளிகளுக்கு, சுத்திகரித்த இபிஏ என்ற ஒமேகா-3 தினம் 4 கிராம் தரப்பட்டது. இதயப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன!

ஆனால் ஒரு சிக்கல். ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்த போலி மருந்து கனிம எண்ணெய். அவர்களுக்குக் கெட்ட கொழுப்பு ஏறியிருந்தது. மருந்து காப்பாற்றியதா, போலி மருந்து கெடுத்ததா? சோள எண்ணெயைப் போலி மருந்தாக வைத்து, 4 கிராம் ஒமேகா-3 கலவையைச் சோதித்த 'ஸ்ட்ரென்த்' ஆய்வு, பலன் தெரியாததால் 2020இல் பாதியில் நிறுத்தப்பட்டது.

இந்த இரண்டு 4 கிராம் ஆய்வுகளிலும் ஒன்று மட்டும் ஒத்துப்போனது: இதயத் துடிப்பு தாறுமாறாகும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' மருந்து சாப்பிட்டவர்களுக்கே அதிகம் வந்தது. ஆகவே, மருத்துவர் எழுதிய ஸ்டேட்டினை நிறுத்திவிட்டு இந்த டப்பாவை வாங்காதீர்கள்.