மன்னிப்பும் மறுப்பும் ஒரே கடிதத்தில்

ஏடிஎம்மில் 5,000 ரூபாய் வரவில்லை. கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. பணம் திரும்பியது ஒன்பதாம் நாள். கொதித்துப்போன வாடிக்கையாளர் 10,000 ரூபாய் இழப்பீடு கேட்கிறார். வங்கியின் ஆங்கிலப் பதிலைத் தமிழாக்க வேண்டும்.

‘ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்’ என்று தொடங்கினால் தவறு யாருடையது என்றே தெரியாது. ரயில் தாமத அறிவிப்பு மாதிரி இருக்கும். ‘உங்கள் பணத்தைத் திருப்பித் தர ஒன்பது நாள் எடுத்துக்கொண்டோம். தவறு எங்களுடையது, மன்னிக்க வேண்டுகிறோம்’ என்பதில்தான் மன்னிப்பு இருக்கிறது.

அடுத்தது விதி. ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய், வாடிக்கையாளர் கேட்காமலே. இங்கே தாமதம் நான்கு நாள், ஆக 400 ரூபாய். இதை ‘உங்கள் கோரிக்கையைப் பரிவுடன் பரிசீலித்து’ என்று எழுதினால் உரிமை சலுகையாகிவிடும். ‘விதிப்படி உங்களுக்குச் சேர வேண்டிய 400 ரூபாயை வரவு வைத்துள்ளோம்’ என்பதே சரி.

மறுப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘தற்போது இயலவில்லை’ என்றால் அடுத்த மாதம் மறுபடி வருவார். ‘இதற்கு மேல் வழங்க இயலாது’ என்று முடித்துவிட்டு, ஏற்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம் என்பதையும் எழுத வேண்டும்.