"21 நாள் கணக்கை இனி யார் வெச்சுக்குவாங்க டாக்டர்?" - மூடப்பட்ட கிளினிக்குக்கு வந்த நான்கு பக்கக் கடிதம்

தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் 31 வருடங்களாக நடந்த கிளினிக், போன மாதத்தோடு மூடப்பட்டது. 68 வயது டாக்டர் கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோகிறார். கடைசி வாரம் முழுக்க சால்வை, பழத்தட்டு, செல்ஃபி என்று கூட்டம். ஒரு குடும்பம் மட்டும் நோட்டுத்தாளில் நான்கு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தது. பாட்டி சொல்லச் சொல்ல அம்மா எழுதியது. பெயர்கள் வேண்டாம் என்ற நிபந்தனையோடு அதைப் படிக்கத் தந்தார்கள்.

"ஐயா, உங்களுக்கு நன்றி சொல்லத்தான் உக்காந்தோம். ஆனா, பயம்தான் முதல்ல வருது" என்று ஆரம்பிக்கிறது கடிதம்.

அந்தப் பயத்துக்குக் காரணம், 14 வயதாகும் பேத்தி. ஒன்பது வயதில் அவளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து தானாகவே சரியானது. இரண்டு, மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வடிவதற்குள் கணுக்கால் வீங்கியது. 'வளர்ற வயசு வலி' என்று வீட்டில் தைலம் தேய்த்தார்கள். டாக்டர் மூட்டைப் பார்த்துவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து நீண்ட நேரம் கேட்டார். அன்றைக்கே தஞ்சாவூருக்கு எக்கோ எடுக்க அனுப்பினார். வந்திருந்தது ருமாட்டிக் காய்ச்சல். ஒருவகை பாக்டீரியாவால் வரும் தொண்டைப்புண்ணுக்குப் பிறகு, அந்தக் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் நோய் எதிர்ப்பு சக்தி சொந்த மூட்டுகளையும் இதய வால்வையும் தாக்குவதுதான் இந்த நோய். சிறுமிக்கு வால்வில் லேசான கசிவு இருந்தது.

மறுபடி ஒருமுறை அந்தக் காய்ச்சல் வந்தால் கசிவு கூடும். அதைத் தடுக்க, நீண்ட நாள் வேலை செய்யும் பென்சிலின் ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அதற்குமேல் தள்ளிப்போனால் ரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்து பாதுகாப்பு போய்விடும். இவளைப்போல வால்வு பாதிக்கப்பட்டவர்களுக்கு இது ஓரிரு வருடத்தில் முடிகிற சிகிச்சை இல்லை. குறைந்தது 10 வருடம் போட வேண்டும், கசிவு நீடித்தால் 40 வயது வரைகூடத் தொடரலாம்.

"இதுவரைக்கும் 87 ஊசி. ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போய் நாங்க மறந்துட்டோம். நீங்கதான் போன் பண்ணி, 'நாளைக்குத் தேதிம்மா'ன்னு சொன்னீங்க. பஸ் பிடிச்சு வந்தோம். இனி யார் சொல்வாங்க?" என்று கேட்கிறது கடிதம்.

அடுத்த பக்கம் சிறுமியின் கையெழுத்தில் இருக்கிறது. "ஊசி போடுறப்போ நூறு வரைக்கும் எண்ணு, அதுக்குள்ள முடிஞ்சிடும்னு சொல்வீங்க. ஒரு தடவைகூட முடிஞ்சதில்ல டாக்டர் தாத்தா." அவள் கணக்கு சரிதான். மருந்து கெட்டியானது, அவசரமாகச் செலுத்தினால் ஊசி அடைத்துக்கொள்ளும், வலியும் தாங்காது. டாக்டர் மருந்துக் குப்பியைக் கையில் வைத்து வெதுவெதுப்பாக்கிவிட்டு, இரண்டு, மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகத்தான் போடுவாராம்.

பாட்டியின் பயம் வீண் பயமில்லை. பென்சிலின் சிலருக்கு ஒவ்வாமை தரும், அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகும் என்பதால் இந்த ஊசியைப் போடப் பல கிளினிக்குகள் தயங்குகின்றன. விசாரித்த இரண்டு இடங்களில் இவர்களுக்கும் 'இங்கே போடுறதில்லை' என்றுதான் பதில் வந்தது. பழைய விவரம் எதுவும் இல்லாமல் ஒரு குழந்தை வந்து நின்றால், புது டாக்டர் யோசிக்கத்தான் செய்வார்.

கடிதத்தைப் படித்த டாக்டர் பதில் எழுதவில்லை. ஒரு ஃபைல் தயார் செய்தார். முதல் எக்கோ தொடங்கி கடைசி எக்கோ வரைக்குமான நகல்கள், 87 ஊசிகளின் தேதி, ஒருமுறையும் ஒவ்வாமை வரவில்லை என்ற குறிப்பு, மருந்தின் அளவு 12 லட்சம் யூனிட், அடுத்த ஊசிக்கான நாள், அடுத்த எக்கோ எப்போது என்பதெல்லாம் அதில் இருந்தன. 'மெதுவாகச் செலுத்தவும். சிறுமி எண்ணுவாள்' என்றும் எழுதியிருந்தார். பிறகு அவரே குடும்பத்தை அழைத்துக்கொண்டு தாலுகா அரசு மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்த டாக்டரிடம் நேரில் பேசினார்.

"ஒவ்வாமை வந்தா சமாளிக்க அட்ரினலின் ஊசியும் ஆளும் அங்க இருக்கு. என் கிளினிக்கைவிட அதுதான் சரியான இடம். இவ்வளவு நாள் என்கிட்டயே வெச்சிருந்தது அவங்க பாசத்துக்காக" என்கிறார் டாக்டர். வீட்டாரிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் 'ஊசிதான் போடுறோமே' என்று விட்டுவிடக் கூடாது, அன்றைக்கே காட்ட வேண்டும்.

88-வது ஊசி, சொன்ன தேதியில் அரசு மருத்துவமனையில் போடப்பட்டது. நர்ஸ் அரைமணி நேரம் உட்காரவைத்து, பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். அடுத்த தேதியை அம்மா செல்போனில் அலாரமாக வைத்திருக்கிறார். பாட்டிக்கு அதில் நம்பிக்கையில்லை, தினசரி காலண்டரிலும் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார்.