கேட்டது ஒரு நாற்காலி, கிடைத்தது பக்கத்து நாற்காலி

அக்கா மகள் சென்னை ஓ.எம்.ஆரில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெவலப்பர் வேலைக்கு மூன்று சுற்று இன்டர்வியூ முடித்திருந்தாள். தேர்வாகவில்லை என்று மெயில் வந்தது. ஒன்பதாம் நாள் அதே ஹெச்.ஆர். மேடம் போன் செய்தார். "அந்த ரோல் முடிஞ்சிருச்சும்மா. அப்ளிகேஷன் சப்போர்ட்ல ஒரு ஓப்பனிங் இருக்கு. நாளைக்குள்ள சொல்லிடுங்க."

அன்று ராத்திரியே எனக்குப் போன். "மாமா, எடுக்கட்டுமா, வேணாமா?"

பல வருடம் இன்டர்வியூ எடுத்தவன் என்பதால் இந்த அழைப்பு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். ஓர் இடத்துக்கு நாலைந்து பேரைப் பார்ப்போம். ஒருவரை எடுப்போம். அடுத்த நிலையில் நின்றவர்களின் மதிப்பெண்ணும் குறிப்பும் கோப்பில் இருக்கும். வேறொரு டீமில் ஆள் குறையும்போது, புதிதாகத் தேடினால் வாரக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே சோதித்த ஆள் கையிலேயே இருக்கிறார். ஆகவே இது இரக்கப்பட்டுக் கொடுக்கும் வேலை அல்ல. அவர்களுக்கும் அவசரம் இருக்கிறது. 'நாளைக்குள்' என்பதை இரண்டு மூன்று நாள் தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். அவளுக்கும் தந்தார்கள்.

முதலில், ஏன் தேர்வாகவில்லை என்று கேட்கச் சொன்னேன். கோடிங் சுற்றில் முதல் கணக்கைச் சரியாகப் போட்டவள், இரண்டாவதை நேரத்துக்குள் முடிக்கவில்லையாம். இது தெரிந்துகொள்ள வேண்டிய பதில். சப்போர்ட்டில் எத்தனை வருடம் உட்கார்ந்தாலும் அந்தக் குறை தானாகச் சரியாகாது. வீட்டில் தனியாகப் பயிற்சி எடுத்தால்தான் ஆகும்.

அடுத்தது, அந்தச் சப்போர்ட் எந்த ரகம் என்பது. எல்1 என்றால் வாடிக்கையாளரின் புகாரை டிக்கெட்டாகப் பதிந்து, எழுதி வைத்திருக்கும் படிகளைப் பார்த்துப் பதில் சொல்வது. எல்2 என்றால் லாக் கோப்பைத் திறந்து, டேட்டாபேஸில் தேடி, கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது. எல்3 வந்துவிட்டால் நிரலையே திருத்துவார்கள். பெயர்கள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். அதனால் பெயரைக் கேட்பதைவிட, "எனக்குச் சோர்ஸ் கோடு பார்க்க அனுமதி இருக்குமா?" என்று கேட்பது மேல். அந்த அனுமதி இல்லாத மேசையிலிருந்து டெவலப்பர் மேசைக்கு வழி மிகக் குறுகல்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "உள்ளே வந்துட்டா அப்புறம் மாத்திக்கலாம்" என்று வாய்ச்சொல்லாகச் சொல்வார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஐ.ஜே.பி. எனப்படும் உள் வேலை அறிவிப்புக்கு விதிகள் உண்டு. சேர்ந்த இடத்தில் இத்தனை மாதம் முடித்திருக்க வேண்டும். கடைசி மதிப்பீடு நன்றாக இருக்க வேண்டும். பல இடங்களில் மேலாளர் விடுவிக்கவும் வேண்டும். வேலை நன்றாகச் செய்பவரை விட எந்த மேலாளருக்கு மனசு வரும்? நானே ஒரு பையனை ஆறு மாதம் பிடித்து வைத்தேன். இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் அவளை மெயிலிலேயே கேட்கச் சொன்னேன்: எத்தனை மாதம் கழித்து விண்ணப்பிக்கலாம், கடந்த இரண்டு வருடத்தில் இந்த டீமிலிருந்து டெவலப்மென்ட் பக்கம் எத்தனை பேர் போனார்கள்? பதினெட்டு மாதம், இரண்டு பேர் என்று பதில் வந்தது. டீம் லீடோடு பத்து நிமிடம் பேசவும் வழி செய்தார்கள். "சின்ன பக்ஸை நாங்களே ஃபிக்ஸ் பண்ணுவோம்மா, பெருசுதான் அந்தப் பக்கம் போகும்" என்றார் அவர். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

சம்பளம் கேட்டதைவிடக் குறைவு. பேசிப் பார்த்தாள், அதிகம் நகரவில்லை. வாரம் மாறி வாரம் இரவு ஷிப்ட் வேறு. அக்காவுக்கு அதுதான் பெரிய கவலை.

ஆஃபர் லெட்டர் வந்ததும் இரண்டு இடத்தை மட்டும் உற்றுப் பார்த்தோம். ஒன்று, மேலே அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயர். சில நேரம் இன்டர்வியூ ஓரிடத்தில் நடக்கும், கடிதம் ஓர் ஆள் சப்ளை நிறுவனத்திலிருந்து வரும். அப்படி வேறொருவர் பேரோலில் சேர்ந்தால் ஐ.ஜே.பி.யே பொருந்தாமல் போகலாம். இரண்டாவது, பதவிப் பெயர். நாளை அனுபவச் சான்றிதழில் அதுதான் ஏறும். 'சப்போர்ட் அனலிஸ்ட்' என்று இருந்ததை, 'சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்று மாற்ற முடியுமா எனக் கேட்டாள். அவர்களுடைய பதவிப் பட்டியலில் எல்2 ஆட்களுக்கு அந்தப் பெயரும் இருந்ததால், புதுக் கடிதம் மறுநாளே வந்தது.

சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. சனிக்கிழமை காலை இரண்டு கோடிங் கணக்கு, கடிகாரம் வைத்து. போன மாதம் ஒரு பில்லில் வரி இரண்டு முறை ஏறுவதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்து, அவளே நான்கு வரி திருத்தி அனுப்பினாள். அதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தவர், அன்று அவளை வேண்டாம் என்று சொன்ன பேனலில் இருந்தவர். "இன்னும் நாலு மாசம் மாமா" என்கிறாள்.